பழைய புத்தகத்துக்குள் கிடைத்த ஒரு போட்டோ, உரியவரிடம் போய்ச் சேர்ந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய அச்சுப் படங்களைச் சுத்தம் செய்து படியெடுத்துக் கொடுப்பது என் வேலை. கிழிந்தது, பூஞ்சை பிடித்தது, கண்ணாடியோடு ஒட்டிப்போனது என்று எல்லா வகையும் வரும். இந்த நிகழ்வில் என் பங்கு சிறியது. படத்தைக் கண்டெடுத்தவர் நடுவில் இரண்டு தடவை சந்தேகம் கேட்டு என்னிடம் வந்தார், அவ்வளவுதான். ஆனால் அவர் எடுத்த முடிவுகளை ஆரம்பத்திலிருந்து கேட்டபோது இதை எழுதி வைத்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. புத்தகத்துக்குள் போட்டோ கிடைத்தால் பலரும் செய்கிற முதல் காரியம் படத்தை ஊரெல்லாம் காட்டி "இது யார்?" என்று கேட்பது. அப்படிச் செய்திருந்தால் இந்தப் படம் உரியவருக்குத் தொந்தரவாகத்தான் முடிந்திருக்கும்.

கண்டெடுத்தவர், படத்துக்கு உரியவர் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், இடம் எதுவும் இதில் இல்லை.

பின்னணி

கண்டெடுத்தவர் நாற்பதுகளில் இருப்பவர். பழைய வால்வு ரேடியோக்களை வாங்கி ஓடவைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அதற்காகப் பழைய புத்தகக் கடை ஒன்றில் ரேடியோ பழுதுபார்ப்புப் பாடநூல் ஒன்றை வாங்கினார். 1966ல் அச்சான பதிப்பு. முதல் வெற்றுத்தாளில் பேனாவில் ஒரு பெயர், 1969 என்ற ஆண்டு, அதன் கீழே ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் பெயர். உள்ளே நிறையப் பக்கங்களில் பென்சில் குறிப்புகள்.

வீட்டுக்கு வந்து புரட்டும்போது பாதிக்கு மேல் ஓரிடத்தில் புத்தகம் தானாகத் திறந்தது. உள்ளே ஒரு கலர் போட்டோ, கையகலம். ஒரு இளம்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை. பக்கத்தில் வயதான ஒருவர் நின்றபடி குழந்தையைப் பார்க்கிறார். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை.

பின்பக்கம் வழவழப்பான வெள்ளை. அதில் பால்பாயின்ட் பேனாவில் ஏதோ எழுதி அழிந்துபோனதுபோல மங்கலான கோடுகள், அவ்வளவுதான் முதலில் தெரிந்தது.

புத்தகத்தில் பெயர் இருக்கிறது, பயிற்சி நிலையத்தின் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடிப் பிடித்துப் படத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

முதலில் கவனித்தவை

படத்தைப் பத்திரமாக வைக்கலாம் என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் முதலில் செய்தது அந்த உறையிலிருந்து அதை வெளியே எடுத்ததுதான். அடையாள அட்டைகளுக்குப் போடும் மெத்தென்ற பி.வி.சி உறை அது. பி.வி.சியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பதமான பொருள் நாளடைவில் கசிந்து வெளியே வரும், அதனால் போட்டோவின் மேற்பரப்பு உறையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்தால் படமும் சேர்ந்து வரும். பாலிப்ரொப்பிலீன் உறை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. அதுவும் கிடைக்கவில்லை என்றால் சாதாரண வெள்ளைக் காகித உறையே போதும்.

அடுத்தது பின்பக்க எழுத்து. அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைப் படத்தின் பரப்போடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்தோம். பால்பாயின்ட் மை போய்விட்டாலும் பேனா அழுத்திய பள்ளம் போகாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தின் நிழல் விழும். டார்ச்சை நான்கு பக்கமும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தபோது ஒரு தேதியும் மூன்று சொற்களும் படிக்கக் கிடைத்தன. தேதி 11.4.81. சொற்கள் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அதை அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததுதான் கடைசியில் உதவியது.

அந்தத் தேதி படத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்த்தோம். காகிதம் இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உள்ள வகை. 1970களிலிருந்து கலர் பிரிண்ட் என்றாலே பெரும்பாலும் அதுதான், அதற்கு முந்தைய வெறும் நார்க்காகிதம்போல அது சுருளாது. அதோடு படம் முழுக்கச் செம்பழுப்பாக மாறியிருந்தது, அந்தக் காலத்துக் கலர் காகிதங்களுக்கு அது மிகச் சாதாரணம். 1981 என்பதை நம்பலாம்.

இங்கேதான் முதல் நெருடல். புத்தகத்தில் பெயர் எழுதிய ஆண்டு 1969. படம் எடுத்தது பன்னிரண்டு வருடம் கழித்து. ஒரே ஆள் பன்னிரண்டு வருடம் ஒரு பாடநூலை வைத்திருப்பது நடக்காத காரியமில்லை, ஆனால் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

புத்தகம் சொன்ன சங்கதி

புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னேன். போட்டோ இருந்த பக்கத்தில் அதன் விளிம்பு செவ்வகமாக அழுந்தியிருந்தது. ஆனால் இன்னும் மூன்று இடங்களில், முன்னால் உள்ள அத்தியாயங்களில், அதே அளவில் அதைவிட லேசான அழுத்தத் தடங்கள் இருந்தன. அப்படியானால் யாரோ ஒரு தடவை செருகிவிட்டு மறந்துபோன படம் இல்லை இது. படிக்கப் படிக்கப் பக்க அடையாளமாக நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

பென்சில் குறிப்புகளும் முதல் பக்கங்களில் ஆரம்பித்து, போட்டோ இருந்த அத்தியாயத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்புறம் ஒரு கீறல்கூட இல்லை. எனவே குறிப்பு எழுதியவரும் போட்டோவை வைத்திருந்தவரும் ஒரே ஆளாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இனி அந்தக் குறிப்பு எழுதியவர்தான் முதல் தாளில் பெயர் எழுதியவரா என்று பார்க்க வேண்டும். கையெழுத்து ஒப்பிடுவதில் நான் நிபுணன் இல்லை, ஆனால் எண்களை ஒப்பிடுவது ஓரளவு சுலபம். போட்டோ இருந்தது ரேடியோவின் இடைநிலை அதிர்வெண்ணைச் சரிசெய்யும் அத்தியாயம். பெரும்பாலான ரேடியோக்களில் அது 455 கிலோஹெர்ட்ஸ், அதனால் ஓரமெல்லாம் 455, 455 என்று எழுதியிருந்தது. அந்த 4 மேலே திறந்த 4, இரண்டு கோடும் மேலே சேராது. போட்டோவின் பின்னால் 11.4.81ல் இருந்த 4ம் அதே மாதிரி திறந்தே இருந்தது. பெயர் எழுதிய பேனாவின் மற்றக் குறிப்புகள் புத்தகத்தில் இரண்டு மூன்று இடங்களில் இருந்தன, அங்கே 4 கூராக மூடியிருந்தது, எழுத்தின் சாய்வும் வேறு.

ஒரு எண்ணை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஆண்டு இடைவெளி, நகர்ந்த தடங்கள், நின்றுபோன குறிப்புகள், இந்த 4 எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் புத்தகத்துக்கு உரியவரும் போட்டோவுக்கு உரியவரும் வேறு வேறு ஆட்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி எடுத்துக்கொண்டதால்தான் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் மாறின.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

படத்தைப் பொதுவெளியில் போடுவதில்லை என்பது முதல் முடிவு. நண்பர்கள் பலர் "போட்டுப் பார், ரெண்டு நாளில் ஆள் கிடைத்துவிடும்" என்றார்களாம். கிடைக்கலாம்தான். ஆனால் அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல், அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதைவிட முக்கியமாக அவர் ஒன்று யோசித்தார், எனக்கே அது தோன்றவில்லை: குடும்பப் படத்தை ஆல்பத்தில் வைப்பார்கள், சுவரில் மாட்டுவார்கள். ரேடியோ பாடப் புத்தகத்தில் ஏன் வைக்க வேண்டும்? வீட்டில் வேறு யாரும் திறக்காத புத்தகம் என்பதாலேயே அங்கே இருந்திருக்கலாம் இல்லையா? மறைத்து வைத்த படமாக இருக்க ஒரு சின்ன வாய்ப்பு இருந்தால்கூட, உரியவரைத் தவிர வேறு யாருக்கும் அதைக் காட்டக் கூடாது என்றார். முற்றிலும் சரி.

யாரிடமும் பெயரோ முகவரியோ கேட்பதில்லை, கடிதத்தை மட்டும் சேர்த்துவிடச் சொல்வது என்பது இரண்டாவது முடிவு. இது சின்ன வித்தியாசம்போலத் தெரியும், ஆனால் நடைமுறையில் பெரிய வித்தியாசம். ஒருவரின் முகவரியை எந்த அலுவலகமும் வெளியாளுக்குக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஆனால் "இந்த உறையை அவருக்கு அனுப்பிவிட முடியுமா? பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் விருப்பம்" என்று கேட்டால் மறுப்பதற்குப் பெரிய காரணம் இல்லை. கேட்கப்படுகிறவருக்கும் மௌனமாக இருந்துவிட வழி இருக்கிறது.

மூன்றாவதாக, பின்பக்கத்துச் சொற்களை யாரிடமும் வாய்விடாமல் இருப்பது. உரிமை கோரி யாராவது வந்தால் அவர்களாகச் சொல்ல வேண்டியது அது.

தேடல்

கடையிலிருந்து ஆரம்பித்தார். இப்படிப்பட்ட கடைகளுக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் பெட்டி பெட்டியாக வரும், வீடு காலி செய்யும்போது மொத்தமாகப் போடுவார்கள். அதே பெட்டியில் வந்த மற்றப் புத்தகங்கள் அலமாரியில் மிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும், தாமதித்தால் அவை பிரிந்து போய்விடும். கடைக்காரர் நினைவு வைத்து ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கணித அட்டவணைப் புத்தகத்தில் அதே பென்சில் கையெழுத்து, அதே திறந்த 4. பெயர் மட்டும் இல்லை. ஆனால் ஒன்று உறுதியானது, பெட்டி வந்தது பென்சில்காரரின் பக்கத்திலிருந்து, பேனாக்காரரின் வீட்டிலிருந்து இல்லை. பெட்டியை விற்றவருக்கு ஒரு கடிதத்தைச் சேர்த்துவிடக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அதற்குக் கடைசிவரை பதிலே வரவில்லை.

பயிற்சி நிலையம் இன்னும் நடக்கிறது. அவர்களும் கடிதத்தை அனுப்பி வைத்தார்கள். சில வாரம் கழித்து பெயருக்கு உரியவரிடமிருந்தே பதில் வந்தது. ஓய்வுபெற்ற பயிற்றுநர், எண்பதைத் தாண்டியவர். புத்தகம் தன்னுடையதுதான், மாணவர்களுக்குக் கடன் கொடுப்பது வழக்கம், பாதி திரும்பி வராது, யாரிடம் போனது என்று நினைவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில், "தம்பி, படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், பழைய மாணவர்கள் பலர் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள், எல்லோருக்கும் காட்டினால் யாராவது சொல்லிவிடுவார்கள்" என்றும் சேர்த்திருந்தார்.

நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடு சொன்னது. இங்கே மறுப்பது கஷ்டம். நம்மவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மரியாதையாகப் பதில் எழுதினார்: "ஐயா, படத்தில் இருப்பவர்கள் யார் என்று தெரியாத நிலையில் அதைப் பலருக்குக் காட்டத் தயக்கமாக இருக்கிறது. என் கடிதத்தின் நகலை மட்டும் உங்கள் மாணவர்களுக்கு அனுப்ப முடிந்தால் பெரிய உதவி." பெரியவர் அதைப் புரிந்துகொண்டு அப்படியே செய்தார்.

அந்தக் கடிதத்தில் ஒரு குறை இருந்தது. "ஒரு பெண், ஒரு கைக்குழந்தை, ஒரு பெரியவர் இருக்கும் குடும்பப் படம்" என்று எழுதிவிட்டார். உரியவருக்குப் புரிய வேண்டுமே என்ற நினைப்பில் எழுதியது.

வந்த இரண்டு பதில்கள்

முதலில் எழுதியவர் ஒரு பழைய மாணவர். அது தன் மனைவி, முதல் குழந்தை, மாமனார் சேர்ந்த படம், ஆசிரியரிடம் வாங்கிய புத்தகம் ஒன்றில் வைத்துத் தொலைத்துவிட்டதாக எழுதினார். படத்தின் விவரத்தைக் கடிதமே சொல்லிவிட்டதால் அவர் சொன்னது அச்சாகப் பொருந்தியது. நம்மவர் உடனே கொடுத்துவிடவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் திருப்பிக் கேட்டார்: படம் கலரா கறுப்பு வெள்ளையா, யார் எங்கே எப்படி இருக்கிறார்கள், பின்னால் ஏதாவது இருக்கிறதா. எந்தக் கேள்வியிலும் பதிலுக்கான துப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். "பின்னால் தேதி எழுதியிருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

வந்த பதில், கறுப்பு வெள்ளை, மூவரும் நின்றபடி ஸ்டுடியோவில் எடுத்தது, பின்னால் ஸ்டுடியோ முத்திரை. இது வேறு படம். அவர் பொய் சொல்லவில்லை. அவரும் அப்படி ஒரு படத்தை உண்மையாகவே தொலைத்திருக்கிறார், இத்தனை வருடம் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் உடனே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது பதில் வர ரொம்ப நாள் ஆனது. பெரியவர் மூலமாக வந்தது, அதில் பெயரோ முகவரியோ இல்லை. எழுதியவர் அந்த வகுப்பில் படித்த ஒரு பெண். படத்தில் இருப்பது தன் அக்காவாக இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்றில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவை கேட்கப்படும் முன்பே பதில் மாதிரி விவரம் எழுதியிருந்தார். கலர் படம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அப்பா பக்கத்தில் நிற்பார், யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் எடுக்கிறேன் என்று சொல்லாமல் நான் எடுத்தது. குழந்தையைச் சுற்றியிருக்கும் துணி வெளிர்பச்சை, நானே வாங்கிக் கொடுத்தது.

எல்லாம் பொருந்தியது, துணியைத் தவிர. படத்தில் துணி மஞ்சள். பச்சையின் சாயல்கூட இல்லாத, நல்ல மஞ்சள்.

துணியின் நிறம்

இரண்டாவது தடவையாக அவர் என்னிடம் வந்தது இதற்குத்தான். "தானே வாங்கிய துணியின் நிறம் மறக்குமா? முதல் ஆள் மாதிரி இவரும் வேறு படத்தைச் சொல்கிறாரோ?" என்பது அவர் சந்தேகம்.

கலர் பிரிண்டில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும்: மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை. எல்லா நிறமும் இந்த மூன்றின் கலவைதான். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த காகிதங்களில் நீலப்பச்சைச் சாயம்தான் பலவீனமானது. வெளிச்சமே படாமல் இருட்டில் வைத்திருந்தாலும் வருடக்கணக்கில் அதுவாக மங்கிப்போகும். புத்தகத்துக்குள் இருந்தது, வெயில் படவில்லை, அதனால் நிறம் போயிருக்காது என்று நினைப்பது இந்தக் காகிதங்களுக்குப் பொருந்தாது. நீலப்பச்சை போனால் மிச்சம் இருக்கும் மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்து படம் செம்பழுப்பாகும்.

பச்சை என்பது மஞ்சளும் நீலப்பச்சையும் சேர்ந்தது. அதில் நீலப்பச்சை போய்விட்டால் மிச்சம் மஞ்சள்தானே? வெளிர்பச்சை என்றால் அதில் நீலப்பச்சை ஆரம்பத்திலேயே கொஞ்சம்தான் இருந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்க அதிக காலம் பிடிக்காது.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சோதிக்க வேண்டும். படத்தை ஸ்கேன் செய்தேன். நீலப்பச்சைச் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியை உறிஞ்சுவது, அதனால் அது மங்கினால் ஸ்கேனில் சிவப்புத் தடம், அதாவது சிவப்பு ஒளியை மட்டும் பதிவு செய்யும் பகுதி, வெளிறிப்போயிருக்கும். அந்தத் தடத்தை மட்டும் மெதுவாக ஆழமாக்கிக்கொண்டே வந்தேன். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது: துணியைப் பார்த்துக்கொண்டே திருத்தினால் பச்சை வரும்வரை திருத்திவிட்டு "பார்த்தீர்களா, பச்சை" என்று சொல்லிவிடலாம். அது நிரூபணம் இல்லை. அதனால் துணியை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டேன். நிறம் இன்னதென்று முன்கூட்டியே தெரிந்த இரண்டு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன், பெண்ணின் தலைமுடியும் பெரியவரின் செருப்பு வாரும். இரண்டும் செம்பழுப்பாக இருந்தவை. அவை கறுப்பாகத் தெரியும்வரை திருத்தி நிறுத்திவிட்டு, காகிதத்தை எடுத்தோம். துணி வெளிர்பச்சையாக இருந்தது.

இதுவும் முழு நிரூபணம் ஆகாது. சாயம் முற்றாக அழிந்துபோன இடத்தில் எந்தத் திருத்தமும் அதைத் திரும்பக் கொண்டுவராது, இந்தப் படத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் முடிந்தது. ஆனால் அந்தப் பெண் சொன்னது தவறு என்று தள்ளிவிட இனி காரணம் இல்லை. துணி மஞ்சள் என்று சொல்லியிருந்தால்தான் யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்போது அவர் அந்த நாளை நினைவிலிருந்து சொல்லவில்லை, நிறம் மாறிப்போன படத்தை எங்கேயோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று ஆகியிருக்கும்.

பின்பக்கத்தைப் பற்றி மட்டும் கேட்டு எழுதினார். பதில் ஒரே வரி: "பின்னால் நான்தான் எழுதினேன், தேதி போட்டு, அப்பா வந்த அன்று என்று இருக்கும்."

டார்ச் வெளிச்சத்தில் நாங்கள் படித்த மூன்று சொற்களும் அவைதான்.

ஒப்படைத்தது

அந்த அம்மாள் முதலில் கேட்டது, படத்தை யாருக்காவது காட்டினீர்களா என்பதுதான். காட்டவில்லை, படிப்பதற்கு உதவிய ஒருவரைத் தவிர, என்றதும் விவரத்தைச் சொன்னார். அக்காவின் திருமணத்துக்குப் பிறகு வீட்டில் அவளோடு பேச்சு இல்லை. குழந்தை பிறந்ததும் அப்பா மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், கூட இவரும் போனார், கேமரா ஒரு தோழியிடம் இரவல் வாங்கியது. அப்பா போனது வீட்டுக்குக் கடைசிவரை தெரியாது. படத்தை வேறு எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்பதால் பாடப் புத்தகத்தில் வைத்தார். சில வருடம் கழித்து இவர் வேலைக்காக வெளியூர் போயிருந்தபோது, பழைய புத்தகங்களைப் பெட்டியில் கட்டி யாரோ ஒரு உறவினர் வீட்டில் போட்டிருக்கிறார்கள். அந்த வீடு இப்போதுதான் காலியாகியிருக்கிறது.

பெரியவர் தொடர்பில் வைத்திருந்த பழைய மாணவர்களில் இவருடைய நெருங்கிய உறவினர் ஒருவரும் உண்டு. படம் எல்லோருக்கும் காட்டப்பட்டிருந்தால் அவர்தான் முதலில் அடையாளம் கண்டிருப்பார். அப்பா இன்று இல்லை, சண்டையும் பழையதுதான், ஆனாலும் அப்பா மறைத்த ஒன்றை நான் சொல்வதா வேண்டாமா என்பதை நானும் அக்காவும்தானே முடிவு செய்ய வேண்டும் என்றார்.

அனுப்பும் முறையையும் அவரே சொன்னார், வீட்டு முகவரி வேண்டாம், வேலை செய்யும் இடத்துக்கு. பாலிப்ரொப்பிலீன் உறையில் படத்தைப் போட்டு, அதைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிய இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே வைத்தோம். ஒரு அட்டையின் நெளிவு நெடுக்காகவும் மற்றதன் நெளிவு குறுக்காகவும் இருக்க வேண்டும், அப்போது எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒன்று தாங்கும். படத்தின் மேல் எதையும் ஒட்டவில்லை. உறையின் மேல் "போட்டோ" என்று எழுதவில்லை, பதிவு அஞ்சலில் போனது. நிறம் திருத்திய படி ஒன்றும் வேண்டுமா என்று கேட்டபோது இரண்டாகக் கேட்டார், ஒன்று அக்காவுக்கு. அவை போய்ச் சேர்ந்தது தெரிந்ததும் என் கணினியில் இருந்த ஸ்கேனை அழித்துவிட்டேன், அவர் கேட்டுக்கொண்டபடி.

புத்தகத்தையும் தரட்டுமா என்று நம்மவர் கேட்டார். வேண்டாம், ரேடியோ ஓடவைக்கிறவரிடமே இருக்கட்டும் என்றுவிட்டார். பயிற்றுநரும் அப்படியே சொன்னார்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கடிதத்தில் படத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கக் கூடாது. "இந்தப் புத்தகத்தில் ஒரு அச்சுப் படம் கிடைத்தது, உங்களுடையதாக இருக்கலாம் என்று தோன்றினால் அதைப் பற்றி நினைவிருப்பதை எழுதுங்கள்" என்றால் போதும். முதலில் பதில் எழுதியவருக்கு வீண் நம்பிக்கை வந்திருக்காது. மறைத்த படத்தின் விவரம் அந்த உறவினர் உட்பட இத்தனை பேருக்குப் போயும் இருக்காது. இந்தத் தடவை அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது அதிர்ஷ்டம்தான்.

படத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கும் முன், அது எந்தப் பக்கத்தில் எந்தப் பக்கமாகத் திரும்பி இருந்தது என்று செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம். இங்கே அழுத்தத் தடம் நன்றாக விழுந்திருந்ததால் தப்பித்தோம். மெல்லிய படம், தடித்த காகிதம் என்றால் தடமே இருக்காது. படம் பக்கத்தோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, புத்தகத்தோடு அப்படியே கொண்டுவருவதுதான் நல்லது.

நான் செய்ததிலும் ஒரு மாற்றம் வரும். உரியவர் யார் என்று தெரிந்து, அவர் சரி என்ற பிறகுதான் ஸ்கேன் செய்யலாம் என்றால் இந்த நிறச் சோதனையே நடந்திருக்காது, அதனால் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் துணியின் நிறத்தைப் பார்க்க முழுப் படத்தையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. முகங்களை மறைத்துவிட்டு எடுத்தாலே போதும்.

முதலில் எழுதியவரின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் கிடைக்கவில்லை. பயிற்றுநர் கடன் கொடுத்த புத்தகங்களில் நினைவில் இருந்தவற்றின் பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நம்மவர் கடைக்காரரிடம் கொடுத்து, அந்தப் பெயர் எழுதிய புத்தகம் எது வந்தாலும் பிரிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.